பணம் எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும்? எழுபத்திரண்டு விதி

ஒரு சேமிப்புத் திட்டத்தில் போட்ட பணம் பத்து ஆண்டில் இரண்டு மடங்காகும் என்று கேள்விப்பட்டால், நம்மில் பெரும்பாலோர் மனத்துக்குள் ஒரு கணக்குப் போடுகிறோம். நூறு ரூபாய் இருநூறாகிறது. கூடுதலாகக் கிடைப்பது நூறு ரூபாய். அதைப் பத்தால் வகுத்தால் ஆண்டுக்குப் பத்து ரூபாய். ஆகவே வட்டி பத்து சதவீதம். திட்டத்தை விற்க வருபவர்களும் சில வேளைகளில் இதே கணக்கைச் சொல்லி, வங்கியைவிட இங்கே வட்டி அதிகம் என்று நம்ப வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தத் திட்டம் தருவது ஆண்டுக்கு ஏறத்தாழ 7.2 சதவீதம் மட்டுமே.

இதே பிழை எதிர்த்திசையிலும் நடக்கிறது. ஆண்டுக்கு 7.5 சதவீதம் வட்டி என்றால் பணம் எப்போது இரட்டிப்பாகும் என்று கேட்டால், நூறை 7.5 ஆல் வகுத்து, பதின்மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும் என்று விடை சொல்பவர்கள் உண்டு. ஆனால் அதே 7.5 சதவீத வட்டியுள்ள கிசான் விகாஸ் பத்திரத்தை அஞ்சலகத்தில் வாங்கினால், 115 மாதங்களில், அதாவது ஒன்பது ஆண்டு ஏழு மாதங்களில், இரட்டிப்புத் தொகை கைக்கு வந்துவிடுகிறது. அரசு கூடுதலாக எதையும் சேர்த்துக் கொடுப்பதில்லை. நாம் போட்ட கணக்குத்தான் தவறு. சரியான கணக்கைக் காகிதமும் பேனாவும் இல்லாமல் போட உதவுவது எழுபத்திரண்டு விதி.

## விதி சொல்வது என்ன

ஆண்டு வளர்ச்சி விகிதம் எத்தனை சதவீதமோ, அந்த எண்ணால் 72ஐ வகுக்க வேண்டும். கிடைக்கும் ஈவுதான் தொகை இரண்டு மடங்காவதற்கு ஏறத்தாழ ஆகும் ஆண்டுகள். இந்தக் காலத்தை இரட்டிப்புக் காலம் என்று குறிப்பிடுவோம். வட்டி 6 சதவீதம் என்றால் 72ஐ ஆறால் வகுக்க, 12 ஆண்டுகள். 8 சதவீதம் என்றால் 9 ஆண்டுகள். 7.5 சதவீதம் என்றால் 9.6 ஆண்டுகள், இதை மாதமாக்கினால் 115.2 மாதங்கள். அஞ்சலகம் அறிவித்திருக்கும் 115 மாதங்களோடு இது எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

வகுக்கும்போது சதவீத எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும், 7.5 சதவீதத்தை 0.075 என்று எழுதி வகுக்கக் கூடாது. போட்ட தொகை எவ்வளவு என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதையும் பாருங்கள். ஆயிரம் ரூபாயாக இருந்தாலும் பத்து லட்சமாக இருந்தாலும், வட்டி விகிதம் ஒன்றே என்றால் இரட்டிப்புக் காலமும் ஒன்றேதான்.

## விதைநெல்லும் கூட்டு வட்டியும்

இந்த விதி எதன்மேல் நிற்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, இரண்டு உழவர்களை நினைத்துக்கொள்வோம். இருவரிடமும் ஒரே அளவு விதைநெல் இருக்கிறது; இருவருக்கும் வேண்டிய அளவுக்கு நிலமும் இருக்கிறது. முதலாமவர் ஒவ்வொரு போகத்திலும் விதைத்த அளவை மட்டும் மறு விதைப்புக்கு எடுத்து வைத்துவிட்டு, மிகுதி நெல் முழுவதையும் வீட்டுச் செலவுக்குக் கொண்டுபோகிறார். அவருடைய விளைச்சல் ஆண்டுதோறும் ஒரே அளவாகவே இருக்கும். இரண்டாமவர் மிகுதியையும் விதைநெல்லோடு சேர்த்து அடுத்த போகத்தில் விதைத்துவிடுகிறார். அவருக்கு இரண்டாம் போகத்தில் பழைய விதையும் விளைகிறது, முதற்போகத்து மிகுதியும் விளைகிறது. மூன்றாம் போகத்தில் அந்த மிகுதியின் மிகுதியும் சேர்ந்துகொள்கிறது.

பணத்தில் விதைநெல்லுக்கு இணையானது அசல், அதாவது முதலில் போட்ட தொகை. முதல் உழவரின் முறைதான் தனி வட்டி: வட்டி எப்போதும் அசலுக்கு மட்டுமே கணக்கிடப்படும். இரண்டாமவரின் முறை கூட்டு வட்டி: ஒவ்வோர் ஆண்டும் கிடைக்கும் வட்டி அசலோடு சேர்க்கப்பட்டு, அடுத்த ஆண்டு அந்த மொத்தத் தொகைக்கும் வட்டி கணக்கிடப்படும். எழுபத்திரண்டு விதி இரண்டாமவருக்கு மட்டுமே உரியது. முதலாமவருக்கு நூறை வட்டி விகிதத்தால் வகுக்கும் பழைய கணக்கே முற்றிலும் சரியானது.

ஆகவே கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த இரண்டு பிழைகளும் ஒரே பிழைதான். கூட்டு வட்டியில் வளரும் தொகைக்குத் தனி வட்டிக் கணக்கைப் போட்டதால் ஒன்றில் வட்டி மிகையாகத் தெரிந்தது. மற்றொன்றில் காலம் மிகையாகத் தெரிந்தது.

## ஒரு லட்சம் ரூபாயை ஆண்டுதோறும் பார்த்தால்

விதியை நம்புவதற்கு முன் ஒருமுறையாவது நீண்ட வழியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. கிசான் விகாஸ் பத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 1988இல் இந்திய அஞ்சல் துறை வழியாக அறிமுகமான இந்தப் பத்திரத்தின் சிறப்பு, வட்டி விகிதத்தைவிட இரட்டிப்புக் காலத்தையே முன்னிறுத்தி விற்கப்படுவது. 2023 ஏப்ரலில் இதன் வட்டி 7.5 சதவீதமாகவும், முதிர்வுக் காலம் 115 மாதங்களாகவும் நிர்ணயிக்கப்பட்டன. வட்டி ஆண்டுக்கு ஒருமுறை அசலோடு சேர்கிறது. அரசு பின்னர் விகிதத்தை மாற்றினாலும், வாங்கிய நாளில் இருந்த விகிதமே அந்தப் பத்திரத்துக்கு முதிர்வு வரை பொருந்தும். இந்த இரண்டு இயல்புகளும், அதாவது கூட்டு வட்டியும் மாறாத விகிதமும், எழுபத்திரண்டு விதிக்கு மிகவும் தேவையானவை. அதனால்தான் இந்தப் பத்திரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஒரு லட்சம் ரூபாய்க்குப் பத்திரம் வாங்குகிறோம். முதல் ஆண்டு வட்டி 7,500 ரூபாய், மொத்தம் 1,07,500. இரண்டாம் ஆண்டில் வட்டி இந்த 1,07,500 ரூபாய்க்குக் கணக்கிடப்படுவதால் 8,062 ரூபாய் 50 காசு கிடைக்கிறது. அதில் கூடுதலாக வந்த 562 ரூபாய் 50 காசும் முதல் ஆண்டு வட்டி ஈன்ற வட்டி. பார்ப்பதற்குச் சிறு தொகைதான். ஆனால் ஐந்தாம் ஆண்டு முடிவில் மொத்தம் 1,43,563 ரூபாயாகிறது. தனி வட்டியாக இருந்திருந்தால் 1,37,500 மட்டுமே இருந்திருக்கும். ஒன்பதாம் ஆண்டு முடிவில் 1,91,724 ரூபாய். அந்த ஒன்பதாம் ஆண்டில் மட்டும் சேர்ந்த வட்டி 13,376 ரூபாய். முதல் ஆண்டு வட்டியைப்போல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு.

இரண்டு லட்சத்துக்கு இன்னும் 8,276 ரூபாய் தேவை. 1,91,724 ரூபாய்க்கு ஏழு மாதத்துக்கு 7.5 சதவீத ஆண்டு விகிதத்தில் வட்டி கணக்கிட்டால் 8,388 ரூபாய் வருகிறது. ஆறு மாதம் போதாது, ஏழு மாதம் போதும். எனவே ஒன்பது ஆண்டு ஏழு மாதம். பத்துக்கும் மேற்பட்ட பெருக்கல்களுக்குப் பிறகு கிடைத்த இந்த விடையைத்தான் 72ஐ 7.5ஆல் வகுத்து ஒரே படியில் பெற்றோம்.

இங்கிருந்து இன்னொன்றும் தெரிகிறது. இரட்டிப்பான இரண்டு லட்சத்தை அதே விகிதத்தில் மறுபடியும் முதலீடு செய்தால், அது நான்கு லட்சமாக இன்னொரு ஒன்பது ஆண்டு ஏழு மாதம் ஆகும். அதாவது நான்கு மடங்காவதற்கு இரட்டிப்புக் காலத்தைப்போல் இரு மடங்கு காலம் போதும். எட்டு மடங்குக்கு மும்மடங்கு காலம் போதும். முதல் ஒரு லட்சம் சேர எடுத்த காலத்திலேயே அடுத்த இரண்டு லட்சம் சேர்கிறது என்பதைத்தான் தனி வட்டிக்குப் பழகிய மனம் எளிதில் ஏற்பதில்லை.

## ஏன் 72? வேறு எண் ஏன் இல்லை?

விதியைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இது. ஆனால் விதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பது இங்கேதான் அடங்கியிருக்கிறது.

வட்டி எத்தனை முறை அசலோடு சேர்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். புரிதலுக்காக, ஆண்டு வட்டி 100 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் ஒரே ஒரு முறை வட்டி சேர்ந்தால் ஒரு ரூபாய் இரண்டு ரூபாயாகிறது. அதே வட்டியை அரையாண்டுக்கு 50 சதவீதமாகப் பிரித்து இரண்டு முறை சேர்த்தால், ஒரு ரூபாய் முதலில் 1.50 ஆகி, பிறகு 2.25 ஆகிறது. மாதந்தோறும் சேர்த்தால் ஏறத்தாழ 2.61 ரூபாய். நொடிதோறும், கணந்தோறும் சேர்த்தாலும் இது எல்லையில்லாமல் ஏறிவிடாது, 2.718 என்ற எண்ணை நெருங்கி அங்கேயே நின்றுவிடும். இப்படி இடைவெளியே இல்லாமல் வட்டி சேர்ந்துகொண்டே இருப்பதைத் தொடர் கூட்டு வட்டி என்கிறோம்.

தொடர் கூட்டு வட்டியில் இரட்டிப்புக் காலத்துக்குத் தோராயமே தேவையில்லை. வட்டி விகிதத்தையும் ஆண்டுகளையும் பெருக்கினால் எப்போதும் 69.3 வரும். 2 என்ற எண்ணின் இயல் மடக்கை 0.693 என்பதே இதற்குக் காரணம். இயல் மடக்கை என்பது, ஒரு தொகை அத்தனை மடங்காக வளரத் தொடர் கூட்டு வட்டியில் எவ்வளவு வட்டி தேவை என்பதைக் கூறும் எண் என்று இப்போதைக்கு வைத்துக்கொண்டால் போதும். ஆகவே கணந்தோறும் வட்டி சேர்ந்தால் விதியின் எண் 72 அல்ல, 69.3.

ஆனால் நம் பத்திரத்தில் வட்டி ஆண்டுக்கு ஒருமுறைதான் சேர்கிறது. ஆண்டு நடுவில் பிறந்த வட்டி ஆண்டு முடியும்வரை வேலையின்றிக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பினால் இரட்டிப்பு சற்றே தள்ளிப்போகிறது. தள்ளிப்போவதை ஈடுசெய்ய வகுபடும் எண்ணைச் சற்று உயர்த்த வேண்டியிருக்கிறது. 7.5 சதவீதத்தில் தொடர் கூட்டு வட்டி என்றால் 9.24 ஆண்டில் இரட்டிப்பாகும்; ஆண்டு வட்டி என்றால் 9.58 ஆண்டு. 9.58ஐ 7.5ஆல் பெருக்கினால் 71.9 வருகிறது. வட்டி விகிதம் கூடக் கூடக் காத்திருப்பின் இழப்பும் கூடுவதால், உயர்த்த வேண்டிய அளவும் கூடுகிறது. 2 சதவீதத்தில் சரியான எண் 70. 8 சதவீதத்தில் 72. 11 சதவீதத்தில் 73. 20 சதவீதத்தில் 76.

எனவே 72 என்பது எல்லா விகிதத்துக்கும் பொதுவான மாய எண் அல்ல. 8 சதவீதத்தை ஒட்டிய விகிதங்களுக்கு மிகச் சரியாகப் பொருந்தும் எண் அது. வங்கி வைப்பும் சிறுசேமிப்பும் பெரும்பாலும் அந்த வட்டாரத்திலேயே இருப்பது நமக்கு வாய்ப்பாகிவிட்டது. அதோடு 72ஐ 2, 3, 4, 6, 8, 9, 12, 18, 24 ஆகிய எல்லாவற்றாலும் மீதியின்றி வகுக்கலாம். மனக்கணக்குக்கு 71ஐயும் 73ஐயும் விட 72 நிலைத்ததற்கு இந்த வசதியும் ஒரு காரணம்.

இந்த விதி மிகப் பழையது. இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி 1494இல் வெனிஸ் நகரில் அச்சிட்ட கணித நூலில் இதைக் கூறியிருக்கிறார். 6 சதவீத வட்டிக்குப் பன்னிரண்டு ஆண்டு என்ற எடுத்துக்காட்டும் அதில் உண்டு. ஏன் 72 என்பதற்கு அவர் விளக்கம் தரவில்லை. ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் மடக்கையை வெளியிட்டதே 1614இல்தான் என்பதை நினைத்தால், அந்தக் கால வணிகர்கள் பெருக்கிப் பெருக்கிப் பார்த்தே இந்த எண்ணைக் கண்டடைந்திருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சுருக்கமாக: கணந்தோறும் வட்டி சேர்ந்தால் 69.3, ஆண்டுக்கு ஒருமுறை சேர்ந்தால் அதைவிடச் சற்று அதிகம், அந்த அதிகம் எவ்வளவு என்பது விகிதத்தைப் பொறுத்தது.

## எவ்வளவு பிசகும்?

கீழே உள்ள அட்டவணையில், ஆண்டுக்கு ஒருமுறை வட்டி சேரும்போது விதி தரும் விடையும் உண்மையான காலமும் அருகருகே தரப்பட்டுள்ளன.

| ஆண்டு விகிதம் (%) | விதியின்படி (ஆண்டு) | உண்மைக் காலம் (ஆண்டு) |
|---|---|---|
| 2 | 36 | 35.0 |
| 4 | 18 | 17.7 |
| 6 | 12 | 11.9 |
| 8 | 9 | 9.0 |
| 12 | 6 | 6.1 |
| 18 | 4 | 4.2 |
| 24 | 3 | 3.2 |
| 36 | 2 | 2.3 |

எட்டுக்குக் கீழே போகும்போது விதி காலத்தைச் சற்றே கூட்டிச் சொல்கிறது. எட்டுக்கு மேலே போகும்போது குறைத்துச் சொல்கிறது. துல்லியம் வேண்டுவோர் ஒரு திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். எட்டுக்கு மேல் ஒவ்வொரு மூன்று சதவீதப் புள்ளிக்கும் 72உடன் ஒன்றைக் கூட்டுங்கள். எட்டுக்குக் கீழே ஒவ்வொரு மூன்றுக்கும் ஒன்றைக் கழியுங்கள். 20 சதவீதம் எட்டைவிடப் பன்னிரண்டு அதிகம்; ஆகவே நான்கைக் கூட்டி 76ஐ 20ஆல் வகுக்க, 3.8 ஆண்டு வருகிறது. உண்மைக் காலமும் 3.8 ஆண்டுதான்.

விகிதம் மிக உயர்ந்தால் விதி உடைந்துவிடும். ஆண்டுக்கு 100 சதவீதம் வளரும் தொகை சரியாக ஓர் ஆண்டில் இரட்டிப்பாக வேண்டும், விதியோ 0.72 ஆண்டு என்கிறது. அந்த அளவு விகிதங்களுக்கு இந்த விதியைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

## பொருந்தாத இடங்கள்

எண் துல்லியமாக இல்லாததால் வரும் பிழை சிறிது. பொருந்தாத இடத்தில் விதியைப் போடுவதால் வரும் பிழையே பெரிது. அப்படிப்பட்ட இடங்களில் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, வட்டியை எடுத்துச் செலவழிக்கும் திட்டங்கள். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் வட்டி மாதந்தோறும் நம் கைக்கு வந்துவிடுகிறது. அசல் அப்படியே நிற்கிறது. இது முதல் உழவரின் வழி. அந்த வட்டியை வேறொரு கணக்கில் போட்டு வளர்த்தாலொழிய, இங்கே எழுபத்திரண்டு விதிக்கு வேலை இல்லை.

இரண்டாவது, மாதந்தோறும் கட்டும் தொடர் வைப்புகள். 7.2 சதவீதத்தில் பத்து ஆண்டு கட்டினால் கட்டிய மொத்தப் பணம் இரட்டிப்பாகும் என்று எண்ணுபவர்கள் பலர். மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் பத்து ஆண்டில் கட்டுவது 1,20,000 ரூபாய். இரட்டிப்பானால் 2,40,000 வர வேண்டும். உண்மையில் கிடைப்பது ஏறத்தாழ 1,74,000 ரூபாய். முதல் மாதம் கட்டிய ஆயிரம் ரூபாய்க்கு மட்டுமே பத்து ஆண்டு முழுதாகக் கிடைக்கிறது. கடைசி மாதம் கட்டிய ஆயிரத்துக்கு ஒரே ஒரு மாதம்தான். சராசரியாகப் பார்த்தால் ஒவ்வொரு ரூபாயும் சுமார் ஐந்து ஆண்டுதான் உள்ளே இருந்திருக்கிறது. விதி ஒரே முறையில் போட்ட தொகைக்கு உரியது.

மூன்றாவது, விகிதம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் முதலீடுகள். பங்குச் சந்தை சார்ந்த ஒரு முதலீடு ஓர் ஆண்டு 30 சதவீதம் ஏறி, அடுத்த ஆண்டு 10 சதவீதம் இறங்குகிறது என்று கொள்வோம். முப்பதில் பத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் சராசரி 10 சதவீதம், விதியின்படி 7.2 ஆண்டில் இரட்டிப்பு என்று தோன்றும். ஆனால் நூறு ரூபாய் முதலில் 130 ஆகி, பிறகு அந்த 130இல் பத்து சதவீதம் இழந்து 117 ஆகிறது. இரண்டு ஆண்டில் 117 என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 8.2 சதவீத வளர்ச்சி. இந்த விகிதத்துக்கு கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதம் என்று பெயர். தொடக்கத் தொகையை இறுதித் தொகையாக்க ஒவ்வோர் ஆண்டும் ஒரே சீராக எவ்வளவு வளர்ந்திருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். 72ஐ வகுக்க வேண்டியது இந்த 8.2 ஆல். விடை 8.8 ஆண்டு. எளிய சராசரியைப் பயன்படுத்தியிருந்தால் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் ஏமாந்திருப்போம். ஏற்ற இறக்கம் அதிகமாக அதிகமாக இந்த ஏமாற்றமும் அதிகமாகும்.

ஆக, விதிக்கு மூன்று நிபந்தனைகள்: தொகை ஒரே முறையில் போடப்பட வேண்டும், வட்டி அசலோடு சேர வேண்டும், விகிதம் ஏறக்குறைய நிலையாக இருக்க வேண்டும்.

## கடன் பக்கத்திலிருந்து

விதியில் ஆண்டு என்பது ஒரு கால அலகு மட்டுமே. மாத வட்டியைப் போட்டால் விடை மாதங்களில் வரும். நம் ஊர்களில் இரண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். வாங்கியவர் மாதந்தோறும் வட்டியைக் கட்டிவந்தால் கடன் வளராது. கட்டாமல் விட்டு, அந்த வட்டியும் ஒவ்வொரு மாதமும் அசலில் ஏற்றப்பட்டால், 72ஐ இரண்டால் வகுத்து 36 மாதம். உண்மைக் கணக்கில் 35 மாதம். மூன்றே ஆண்டுக்குள் கடன் இரு மடங்கு. வட்டிக்கு வட்டி போடாமல் தனி வட்டியாகவே வைத்திருந்தால் இது 50 மாதம் ஆகியிருக்கும். கடன் வாங்கும்போது வட்டி எத்தனை என்று கேட்பதோடு, கட்டத் தவறிய வட்டி அசலில் ஏறுமா என்பதையும் கேட்டுத் தெளிவது ஏன் தேவை என்பது இந்த 35க்கும் 50க்கும் உள்ள இடைவெளியில் தெரியும்.

## திருப்பிப் போடும் கணக்கு

இரட்டிப்புக் காலம் தெரிந்து வட்டி தெரியாதபோது, 72ஐ அந்தக் காலத்தால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். என் எண்ணத்தில் விதியின் மிகப் பயனுள்ள பக்கம் இதுதான். ஏனென்றால் திட்டங்களை விற்பவர்கள் வட்டி விகிதத்தைவிட இரட்டிப்புக் காலத்தையே உரக்கச் சொல்கிறார்கள்.

கிசான் விகாஸ் பத்திரத்தின் வரலாற்றை இப்படியே படிக்கலாம். 1988இல் அது ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று அறிவிக்கப்பட்டது. 72ஐ 5.5 ஆல் வகுக்க, 13.1 சதவீதம், துல்லியமான விடை 13.4. நிறுத்தி வைக்கப்பட்டிருந்த பத்திரம் 2014இல் மீண்டும் வந்தபோது இரட்டிப்புக் காலம் 100 மாதம், அதாவது எட்டு ஆண்டு நான்கு மாதம், விதியின்படி 8.6 சதவீதம், அறிவிக்கப்பட்டது 8.7. 2020 ஏப்ரலில் 124 மாதம்; விதியின்படி ஏறத்தாழ 7 சதவீதம், அறிவிக்கப்பட்டது 6.9. 2023 ஜனவரியில் 120 மாதம், 7.2 சதவீதம், இங்கே விதியும் அறிவிப்பும் அப்படியே ஒன்றாகிவிடுகின்றன.

இதே கணக்கை அறிமுகமில்லாத ஒரு விளம்பரத்தின் மேல் வைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டில் பணம் இரட்டிப்பு என்று ஒருவர் உறுதி சொன்னால், அவர் ஆண்டுக்கு 24 சதவீதத்துக்குக் குறையாமல், துல்லியமாகச் சொன்னால் 26 சதவீதம், தருவதாக வாக்களிக்கிறார். அரசு 7.5 சதவீதம் தரும் நாட்டில் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஒருவர் உறுதியாகத் தர வேண்டுமானால், அவருடைய தொழில் அதற்கும் மேல் ஈட்ட வேண்டும். அது எந்தத் தொழில் என்று கேட்டுப் பார்க்கலாம். இரட்டிப்பு என்ற சொல்லை மட்டும் கேட்டவருக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. 26 சதவீதம் என்று கேட்டவருக்கு எழும்.

## விலைவாசியும் இதே விதியில் வளர்கிறது

கூட்டு வட்டியில் வளர்வது பணம் மட்டுமல்ல. பணவீக்கம், அதாவது விலைவாசி ஆண்டுக்கு எத்தனை சதவீதம் உயர்கிறது என்ற அளவு, ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டின் விலையின்மேல் ஏறுவதால் அதுவும் கூட்டு வளர்ச்சிதான். இந்திய ரிசர்வ் வங்கிக்கு வகுக்கப்பட்ட பணவீக்க இலக்கு 4 சதவீதம்; மேலே 6 வரையும் கீழே 2 வரையும் விலகலாம். 4 சதவீதத்தில் விலைகள் 18 ஆண்டில் இரட்டிப்பாகும். 6 சதவீதத்தில் 12 ஆண்டில். விலை இரட்டிப்பாகும் காலமே, வீட்டில் சும்மா வைத்திருக்கும் ரூபாயின் வாங்கும் திறன் பாதியாகும் காலமும்.

நம் பத்திரத்துக்குத் திரும்புவோம். 115 மாதத்தில் ஒரு லட்சம் இரண்டு லட்சமாகிறது. அந்தக் காலம் முழுவதும் பணவீக்கம் 4 சதவீதமாக இருந்தால், இன்று நூறு ரூபாய்க்கு வாங்கும் பொருள் அன்று ஏறத்தாழ 146 ரூபாயாக இருக்கும். அன்று கைக்கு வரும் இரண்டு லட்சம், இன்றைய விலையில் சுமார் 1,37,000 ரூபாய்க்கு வாங்கக்கூடியதை மட்டுமே வாங்கும். வாங்கும் திறனும் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்று அறிய, வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழித்துவிட்டு விதியைப் போட வேண்டும். 7.5இல் 4 போக 3.5, 72ஐ 3.5ஆல் வகுக்க, இருபதரை ஆண்டுக்குச் சற்று மேல். துல்லியமாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 21 ஆண்டு. பணவீக்கம் 6 சதவீதமாக இருந்தால் மிஞ்சுவது 1.5 மட்டுமே, அப்போது விடை 48 ஆண்டு. இந்தப் பத்திரத்தின் வட்டிக்கு வருமான வரியும் உண்டு என்பதால், வரி கட்டுபவர்கள் முதலில் வரி போக மிஞ்சும் விகிதத்தைக் கண்டுகொண்டு, அதிலிருந்துதான் பணவீக்கத்தைக் கழிக்க வேண்டும். வட்டியில் 20 சதவீதம் வரியாகப் போகிறது என்றால் 7.5 சதவீதம் 6 ஆகச் சுருங்குகிறது. 4 சதவீதப் பணவீக்கத்தையும் கழித்தால் மிஞ்சுவது 2. வாங்கும் திறன் இரட்டிப்பாக 36 ஆண்டு.